பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் ‘ஐ’ உருபு தரும் துப்பு

தமிழில் பெயருக்கு முன் ஆங்கிலத்தின் ‘எ’, ‘த’ போன்ற சார்படை இல்லாவிட்டாலும், செயப்படுபொருள் ‘ஐ’ உருபை ஏற்றிருக்கிறதா என்பதை முதலில் பார்த்தால், பிரெஞ்சில் எந்தச் சார்படையைத் தேர்வது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். ‘அவன் காபி குடித்தான்’ என்பதில் அளவு குறிக்கப்படாத ஒரு பொருளே பேசப்படுவதால் ‘த்யு கஃபே’ என்ற பகுதிச் சார்படை வரும். ‘காபியைக் குடித்தான்’ என்றால், ஏற்கெனவே அறிந்த காபி என்பதால் ‘லெ கஃபே’ பொருந்தும். ‘ஒரு காபி குடித்தான்’ என்பது ஒரு கோப்பையைக் குறிப்பதால் ‘அன் கஃபே’ ஆகும்.

எதிர்மறையிலும் இந்த வேறுபாடு நிலைக்கிறது. ‘காபி குடிக்கவில்லை’ என்பதில் ‘த்யு’ வெறும் ‘தெ’யாகச் சுருங்க, ‘காபியைக் குடிக்கவில்லை’ என்பதில் ‘லெ’ மாறாமல் நிற்கும்.

ஆனால் இந்தத் துப்பை இரண்டு இடங்களில் நம்பக் கூடாது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதில் ‘காபி’க்கு ‘ஐ’ உருபே இல்லை. எனினும் விருப்பு வெறுப்பைச் சொல்லும் பிரெஞ்சு வினைகள் பொருளை முழு வகையாகக் கொள்வதால் ‘லெ கஃபே’தான் சரி. இங்கே ‘த்யு’ எழுதுவதே நான் மிகுதியாகக் காணும் பிழை. அடுத்து, மனிதரைக் குறிக்கும் பெயர்கள் அறியப்படாதவராயினும் ‘ஐ’ ஏற்பதால், ‘ஒரு மருத்துவரைப் பார்த்தேன்’ என்பதில் உருபை விட்டுவிட்டு ‘ஒரு’ என்பதையே பின்பற்றி ‘அன்’ என்று எழுத வேண்டும்.