360 டிகிரி வீடியோவில் வாடகை வீடு பார்க்கும்போது

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்குத் தரகர் 360 டிகிரி வீடியோ அனுப்பினார். ஹால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, மேலே உத்தரம் வில்லாக வளைந்திருந்தது! உருண்டைக் காட்சியைத் தட்டையாக விரிப்பதால் வரும் வளைவு அது. உத்தரத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து பெரிதாக்கினேன், நேராகிவிட்டது.

அகலத்துக்குக் கண்ணை நம்பாமல் டைல்ஸை எண்ணினேன். ஒரு டைல் 2 அடி என்று தரகரிடம் அளக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். சுவருக்குச் சுவர் 5 டைல். ஆக 10 அடிதான்.

விரிசல் விஷயம் வேறு. 5.7கே தெளிவில் எடுத்த வீடியோவில் 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒரு பிக்ஸல் சுமார் 3 மில்லிமீட்டரை மூடும். மயிரிழை விரிசல் அதில் தெரியாது. அப்புறம், 360 டிகிரி கேமராவின் முன், பின் லென்ஸ்கள் எடுத்த இரண்டு படங்களும் ஒட்டும் இடத்தில் கேமராவுக்கு நெருக்கமான கதவு நிலை உடைந்ததுபோலத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.