நூல், படி, பவுன்: ஊருக்குப் போகும்போது கைபேசியில் வைத்துக்கொள்ள ஓர் அளவுப் பட்டியல்

வெளிநாட்டில் பழகிய நமக்கு அளவு மாற்றும் செயலி கைபேசியிலேயே இருக்கிறது, ஆனால் ஊரில் ஆசாரி "மூணு அடி, நாலு இஞ்ச், ரெண்டு நூல்" என்று சொல்லும்போது அந்தச் செயலியில் நூல் என்று ஒரு வரி இருக்காது. சமையலறையில் அத்தை "அரைப்படி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து" என்று சொன்னாலும் அதே கதைதான். அதனால் அங்கே வாயில் வருகிற சொல் இடப்பக்கம், நமக்குப் பழகிய அளவு வலப்பக்கம் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டுப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும்:

| அங்கே சொல்வது | நம் கணக்கில் |
|---|---|
| 1 நூல் | 3.2 மி.மீ. |
| 1 இஞ்ச் (8 நூல்) | 25.4 மி.மீ. |
| 1 அடி (12 இஞ்ச்) | 30.5 செ.மீ. |
| 10.76 சதுர அடி | 1 சதுர மீட்டர் |
| 1 படி | 2 உரி, 4 உழக்கு, 8 ஆழாக்கு |
| 200 மி.லி. டம்ளர் அரிசி | சுமார் 165 கிராம் |
| அதே டம்ளர் ரவை | சுமார் 140 கிராம் |
| அதே டம்ளர் கோதுமை மாவு | சுமார் 105 கிராம் |
| 1 பவுன் | 8 கிராம் |

படிக்கு நேரே மில்லிலிட்டர் போடாமல் விட்டது வேண்டுமென்றேதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மரவேலை. ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், கம்பிக்கடையிலும் இதே கணக்குதான், மூணு நூல் கம்பி என்றால் 10 மி.மீ., நாலு நூல் என்றால் 12 மி.மீ. என்று கொடுப்பார்கள். கட்டில் செய்யச் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஊர் வழக்கத்தில் பெரிய கட்டில் என்றால் ஆறேகாலுக்கு அஞ்சு, அதாவது 75 இஞ்ச் நீளம், 60 இஞ்ச் அகலம். செ.மீ. கணக்கில் 190.5க்கு 152.4. உங்கள் பிள்ளைகள் ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள், ஐரோப்பாவில் பழகிய 200க்கு 160 மெத்தைதான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வழக்கமான கட்டிலில் போட்டால் நீளத்தில் ஒன்பதரை செ.மீ.யும் அகலத்தில் ஏழரை செ.மீ.யும் வெளியே தொங்கும், பக்கப்பலகை வைத்த கட்டில் என்றால் உள்ளே இறங்கவே இறங்காது.

கணக்கு இப்படி. 200ஐ 2.54ஆல் வகுத்தால் 78.74 இஞ்ச். அதில் 72 இஞ்ச் ஆறு அடி, மிச்சம் 6.74. ஆறு இஞ்சைத் தனியே வைத்துவிட்டு 0.74ஐ எட்டால் பெருக்கினால் 5.92, அதாவது ஆறு நூல். ஆக 200 செ.மீ. என்பது ஆறு அடி, ஆறு இஞ்ச், ஆறு நூல். 160 செ.மீ. இன்னும் சுலபம், நூலே வராமல் அஞ்சு அடி மூணு இஞ்ச் என்று வந்துவிடும். மெத்தையை இறுக்காமல் போட்டு எடுக்க நீளத்தில் நாலு நூல், அகலத்தில் நாலு நூல் கூட்டிக்கொள்ளுங்கள், அப்போது ஆறு அடி ஏழு இஞ்ச் ரெண்டு நூலுக்கு அஞ்சு அடி மூணு இஞ்ச் நாலு நூல். இதைச் சொல்லும்போது "உள்ளளவு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சட்டத்தின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்து செய்துவிடுவார்கள், பலகையின் கனம் இரண்டு பக்கமும் உள்ளே வந்து மெத்தை நிற்காது. கணக்கில் பிழை இல்லை, ஆனாலும் கட்டில் தப்பாக நிற்கும்.

உண்மையில் மாற்றாமலே இருப்பதுதான் நல்லது. ஊரில் கிடைக்கும் டேப்பில் ஒரு ஓரம் இஞ்ச், மறு ஓரம் செ.மீ. இருக்கும். கட்டில், மேசை மாதிரி வேலைக்கு அவர் பழகிய இஞ்சிலேயே சொல்லுங்கள், அரை நூல் கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. சமையலறை அலமாரியில் அடுப்போ பாத்திரம் கழுவும் இயந்திரமோ பொருத்துவதானால் மட்டும் எம்.எம்.மில் எழுதிக் கொடுத்து செ.மீ. ஓரத்தில்தான் அளக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளைவுட்டிலும் இந்தச் சின்ன வித்தியாசம் வரும், முக்கால் இஞ்ச் என்று வாயில் சொல்லுவார்கள், முத்திரையில் 18 எம்.எம். என்று இருக்கும், முக்கால் இஞ்ச் என்பதோ 19.05. அந்த ஒரு எம்.எம்., காடியில் பலகையைச் சொருகும்போது ஆட்டமாகத் தெரியும்.

மரக்கடைக்குப் போனால் கன அடி. நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் இஞ்சிலும் போட்டுப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஏழு அடி நீளத்தில் நாலுக்கு மூணு சட்டம் ஒன்று என்றால் 7 × 4 × 3 = 84, வகுத்தால் 0.58 கன அடி. அறுத்த அளவுக்குத்தான் காசு, இழைத்தபின் ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் போய்விடும். வீட்டுக்கு வந்த சட்டத்தை அளந்துவிட்டு நாலு இஞ்ச் இல்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

சரி, சமையல். படி ஊருக்கு ஊர் மாறும், சின்னப்படி பெரியபடி என்று ஒரே ஊரிலேயே இரண்டும் இருக்கும். எடையையும் அளவையும் மெட்ரிக் முறைக்கு மாற்றிய சட்டம் 1956இல் வந்தது, ஆனாலும் அத்தை வீட்டுப் பித்தளைப் படி அதே இடத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் படிக்கு இத்தனை மில்லி என்று தேடி எடுப்பதைவிட அந்தப் படியையே அளந்துவிடுங்கள். வெறும் படியை சமையல் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் வருகிற கிராம்தான் மில்லிலிட்டர். 1600 வந்தால் ஆழாக்கு 200, உழக்கு 400. பழைய இரும்புப் படி அடியில் ஒழுகினால் தண்ணீருக்குப் பதில் அரிசியைத் தலை தட்டி அளந்து அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதோடு, அவர் தலை தட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குவித்து அளந்தால் படிக்கு மேலே நிற்கிற அரிசியும் கணக்கில் சேரும்.

பலரும் கோட்டை விடுவது மில்லிலிட்டரையும் கிராமையும் ஒன்றாக நினைக்கும் இடத்தில். தண்ணீருக்கு மட்டும்தான் அது சரி. அத்தை உப்புமாவுக்கு ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்கிறார், நீங்கள் டொராண்டோ திரும்பி 200 கிராம் ரவைக்கு 500 மி.லி. தண்ணீர் ஊற்றினால் உப்புமா வறண்டு கட்டிகட்டியாகத்தான் வரும். 200 கிராம் ரவை என்பது கிட்டத்தட்ட ஒன்றரை டம்ளர், அதற்கு 700 மி.லி.க்கு மேல் தண்ணீர் வேண்டும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பதில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, அரிசியும் முழு உளுந்தும் ஒரே டம்ளரில் ஏறக்குறைய ஒரே எடை நிற்கும், டம்ளரால் அளந்தாலும் தராசில் போட்டாலும் சரியாக வரும். திரும்பிப் போனபின் எந்தக் கப்பை எடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும், ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180 மி.லி., அமெரிக்கக் கப் சுமார் 240, ஆஸ்திரேலியாவில் 250. அங்கே மேசைக்கரண்டியும் 15 இல்லை, 20 மி.லி.

யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர்கள் இறாத்தல் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 454 கிராம், பாண் இன்னும் அந்தக் கணக்கில்தான் பேசப்படுகிறது. பூக்காரம்மாவிடம் முழம் என்றால் ஒன்றரை அடி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், கை அவருடையது. நகைக்கடையில் விலைப்பலகை பெரும்பாலும் ஒரு கிராமுக்குத்தான் போட்டிருக்கும், பவுன் விலைக்கு எட்டால் பெருக்குங்கள், வெளிநாட்டுத் தங்க விலையோடு ஒப்பிடுவதானால் அங்கே சொல்லும் அவுன்ஸ் 31.1 கிராம், மூணே முக்கால் பவுனுக்குச் சற்று மேல்.