சத்துமாவு பாக்கெட்டில் புரதக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் தங்கை ஒரு சத்துமாவுப் பாக்கெட்டை நீட்டி, "இதில் 100 கிராமுக்கு 11 கிராம் புரதம் இருக்கிறது அக்கா, பாதாம் போட்டிருக்கிறார்கள் அல்லவா?" என்றாள். முன்பக்கம் முழுக்கப் பாதாம் படம். பின்பக்கப் பட்டியலோ கோதுமை, சர்க்கரை, கேழ்வரகு, பொட்டுக்கடலை, கொழுப்பு நீக்கிய பால்பவுடர், பாதாம் (2%), ஏலக்காய் என்று போனது. பாதாமில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். அப்படியானால் 2 கிராம் பாதாம் தருவது 0.4 கிராம்தான். மீதிப் புரதம் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருக்கிறது, புரதத்தின் வரிசையில் அல்ல. இதை மறப்பதுதான் முதல் தவறு. இரண்டாம் இடத்தில் இருக்கும் சர்க்கரையில் புரதமே இல்லை. ஐந்தாம் இடத்தில் இருக்கும் பால்பவுடரிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம்தான்.

அடுத்த தவறு, இடத்தைப் பார்த்துச் சதவீதத்தை ஊகிப்பது. "முதல் பொருள் 40, அடுத்தது 25, அதற்கடுத்தது 15" என்று மனம் தானாகவே படிக்கட்டு கட்டிவிடும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு பொருள்கள் ஏறக்குறைய ஒரே எடையிலும் இருக்கலாம், ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்காகவும் இருக்கலாம். வரிசை அதைச் சொல்லாது. அதனால் எங்காவது உறுதியான எண் கிடைக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இந்தப் பாக்கெட்டில் இரண்டு கிடைத்தன. பாதாம் 2% என்று பட்டியலே சொல்கிறது. 100 கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணையில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" 24 கிராம் என்று இருக்கிறது, பட்டியலில் இனிப்புக்கென்று வேறு பொருள் இல்லை. ஆகவே சர்க்கரை 24%. கோதுமை அதற்குக் குறையாது, கேழ்வரகும் பொட்டுக்கடலையும் அதைத் தாண்டாது. பால்பவுடர் பாதாமுக்குக் குறையாது.

இந்த எல்லைகளுக்குள் எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். புரதத்துக்குத் தோராயமாகக் கோதுமை 11%, கேழ்வரகு 7%, பொட்டுக்கடலை 21%, பால்பவுடர் 35% என்று எடுத்துக்கொண்டோம். கோதுமை 24, கேழ்வரகு 23, பொட்டுக்கடலை 23, பால்பவுடர் 4 கிராம் என்று வைத்தால் மொத்தப் புரதம் 10.9 வருகிறது. கோதுமை 30, கேழ்வரகு 24, பொட்டுக்கடலை 10, பால்பவுடர் 10 என்று வைத்தாலும் 11 வருகிறது. இரண்டுமே லேபிளோடு பொருந்துகின்றன! முதல் கணக்கில் பொட்டுக்கடலை 4.8 கிராம் புரதம் தருகிறது, பால்பவுடர் 1.4 தருகிறது. இரண்டாவதில் பொட்டுக்கடலை 2.1தான், பால்பவுடர் 3.5.

இந்த இடத்தில்தான் பலர் மூன்றாவது தவறைச் செய்கிறார்கள். மொத்தம் பொருந்திவிட்டதும், முதலில் கிடைத்த விடையையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவரை சொல்லக்கூடியது ஒரு வீச்சு மட்டுமே: பொட்டுக்கடலையிலிருந்து 2 முதல் 5 கிராம், பால்பவுடரிலிருந்து 1.5 முதல் 3.5 கிராம். அட்டவணையில் அச்சான 11 கூட முழு எண்ணாக்கப்பட்டதாக இருக்கலாம் என்பதால், தசமப் புள்ளிக்குப் பின் சண்டையிடுவதில் பயனில்லை.

வீச்சைக் குறுக்க அட்டவணையில் இன்னொரு வரி உதவும். மொத்தச் சர்க்கரையிலிருந்து சேர்க்கப்பட்ட சர்க்கரையைக் கழித்தால், தானியத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை வரும். கொழுப்பு நீக்கிய பால்பவுடரில் ஏறத்தாழ பாதி எடை பால் சர்க்கரை. 4 கிராம் பால்பவுடர் என்றால் 2 கிராம், 10 என்றால் 5 கிராம். அதோடு தானியமும் கடலையும் ஓரிரு கிராம் சேர்க்கும். எங்கள் பாக்கெட்டில் மொத்தச் சர்க்கரை 30 என்று இருந்தது, வித்தியாசம் 6. ஆக விடை இரண்டாம் கணக்கின் பக்கம் சாய்கிறது: பால்பவுடர்தான் பொட்டுக்கடலையை விட அதிகம் தருகிறது, முதலிடம் அதற்கோ கோதுமைக்கோ. முளைகட்டிய தானியம் சேர்ந்த மாவுகளில் இந்த வழி பலிக்காது. முளைக்கும்போதே தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகத் தொடங்கிவிடுவதால், வித்தியாசம் பாலால் வந்ததா முளையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

பிஸ்கட்டுகளுக்கு இதே கணக்கை நேரடியாகப் போடக் கூடாது. பட்டியல் வரிசை பிசையும்போது சேர்த்த எடையைப் பொறுத்தது, அட்டவணையோ வெந்து நீர் வற்றிய பிஸ்கட்டின் 100 கிராமுக்கானது. கடைசியாக ஒன்று: சில பாக்கெட்டுகளில் "200 மி.லி. பாலுடன்" என்று ஒரு தனிக் கட்டம் இருக்கும். அதில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் நாம் ஊற்றும் பாலுடையது. மாவின் கணக்குக்கு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, 100 கிராம் கட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும்.