யூதப் பண்டிகைத் தேதிகளைக் குழப்பமில்லாமல் கணக்கிடுவது எப்படி?

நாட்காட்டியில் 2026 செப்டம்பர் 12, யூதப் புத்தாண்டு என்று போட்டிருக்கும். அதை நம்பி 11ஆம் தேதி இரவு யூத நண்பரைக் கூப்பிட்டால் அவர் எடுக்கமாட்டார். அவருக்குப் பண்டிகை அப்போதே தொடங்கியிருக்கும்.

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அந்தி சாயும் முன் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். முடிவது, மறுநாள் நன்றாக இருட்டி வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்போது. ஆகவே நாட்காட்டித் தேதிக்கு முந்தைய மாலையைத்தான் தொடக்கமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து புத்தாண்டு, அதாவது ரோஷ் ஹஷானா. திஷ்ரி மாதம் 1, 2 என இரண்டு நாள். செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்கி 13 ஞாயிறு இருட்டும் வரை. இஸ்ரேலிலும் இரண்டு நாள்தான். ஏன்? அந்தக் காலத்தில் பிறை பார்த்ததாகச் சாட்சிகள் வந்து சொன்ன பிறகே எருசலேமில் மாதப்பிறப்பை அறிவிப்பார்கள். இந்தப் பண்டிகை மாதத்தின் முதல் நாளிலேயே வருகிறது. செய்தி பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரக்கூட நேரம் கிடையாது. அதனால் எல்லோரும் இரண்டு நாளாகக் கொண்டாடினார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

புத்தாண்டின் முதல் நாளோடு ஒன்பதைக் கூட்டுங்கள். 12 + 9 = 21. திஷ்ரி 10, பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர். இது எங்கும் ஒரே நாள்தான். 20 ஞாயிறு மாலை தொடங்கி 21 திங்கள் இருட்டும் வரை, சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத நோன்பு. நோன்புக்கு முந்தைய சாப்பாட்டைச் சூரியன் மறையும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால், 20ஆம் தேதி மாலையில் வேலை எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம் பாஸ்கா, எபிரேயத்தில் பெசாக். நிசான் மாதம் 15ஆம் நாள், பௌர்ணமியை ஒட்டி வசந்தகாலத்தில் வரும். 2027இல் ஏப்ரல் 21 புதன் மாலை தொடங்குகிறது. முடிவதுதான் இடத்துக்கு இடம் மாறும். இஸ்ரேலில் ஏழு நாள், ஏப்ரல் 28 இருட்டும் வரை. வெளிநாட்டு யூதர்கள் பெரும்பாலும் எட்டு நாள், 29 வரை. தூர ஊர்களுக்குப் பிறைச் செய்தி தாமதமாகப் போனதால் சேர்ந்த கூடுதல் நாள் இது. சீர்திருத்த யூதர்களில் பலர் வெளிநாட்டிலும் ஏழு நாளே கடைப்பிடிக்கிறார்கள். எனவே நண்பர் எங்கே இருக்கிறார், எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாஸ்காவின் முதல் நாளுக்கும் அடுத்து வரும் புத்தாண்டுக்கும் இடையே எப்போதும் 163 நாள். 2027 ஏப்ரல் 22உடன் 163 நாளைக் கூட்டினால் அக்டோபர் 2, சனிக்கிழமை. புத்தாண்டின் முதல் நாள் ஞாயிறு, புதன், வெள்ளியில் வரவே வராது. உங்கள் விடை அந்தக் கிழமைகளில் விழுந்தால், முந்தைய மாலையைப் பண்டிகை நாளாக எண்ணிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.