கிளினிக்கல் எபிடெமியோலொஜி ஃபெலோஷிப்: பரிந்துரைக் கடிதத்தின் நடுப்பந்தியை எழுதும் முறை

மாணவருக்காக முதன்முறை இந்தக் கடிதத்தை எழுதும் விரிவுரையாளருக்கு இந்தக் குறிப்பு. பெறுபேறுகள் தெரிவுக்குழுவின் கையில் ஏற்கெனவே இருக்கும். தரவு எங்கே ஏமாற்றும் என்பது இந்த மாணவருக்கு விளங்குமா என்பதையே அவர்கள் உங்களிடம் தேடுகிறார்கள்.

படி 1. முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் முன்பாவது மாணவரிடம் ஃபெலோஷிப் அறிவித்தல், தற்குறிப்பு, ஆய்வு முன்மொழிவு மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் மருத்துவ பீடங்களில் ஆய்வு பெரும்பாலும் குழுவாகத்தான் நடக்கும். அதனால் குழுவில் இவர் தனியாகச் செய்தது என்ன என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

படி 2. முதல் பந்தி மூன்று வரி போதும்: எந்தப் பதவியில் இருக்கிறீர்கள், அவரை எவ்வளவு காலம் தெரியும், எந்த வேலையை நேரில் பார்த்தீர்கள்.

படி 3. கடிதத்தின் உயிர் நடுப்பந்தியில்தான். ஒரு மாணவி எலிக்காய்ச்சல் பற்றி நோயாளி–ஒப்பீட்டு ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயல்வேலை அந்த நோய்க்கு ஆபத்துக் காரணியா என்பது கேள்வி. ஒப்பிடுவதற்கு அதே வார்டில் டெங்குவுக்குப் படுத்திருந்தவர்களை எடுப்பது குழுவின் திட்டம். படிவங்களைப் புரட்டிய மாணவி ஒன்றைக் கவனிக்கிறார்: எலிக்காய்ச்சல்காரர் பலர் படுவான்கரை விவசாயிகள், டெங்குக்காரர் பலர் காத்தான்குடி போன்ற நகர்ப்புறத்தவர். வயலில் கால் வைக்காதவர்களோடு ஒப்பிட்டால் வயல்வேலையின் ஆபத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய கிராம சேவகர் பிரிவிலிருந்தே வயதொத்த ஒருவரை எடுக்கலாம் என்கிறார். மாற்றத்துக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெறுகிறார். ஜோடியாக எடுத்ததை ஜோடியாகவே பகுப்பாய்வு செய்கிறார்.

"விமர்சனச் சிந்தனை மிக்கவர்" என்ற வரியை யாருக்கும் எழுதலாம். இதை அவருக்கு மட்டுமே எழுத முடியும். கடிதத்தில் இப்படி வரட்டும்: "ஒப்பீட்டுக் குழு தெரிவில் இருந்த சார்பை அவரே கண்டுபிடித்தார். நான் சுட்டிக்காட்டவில்லை." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நேர்முகத்தில் அதையே துருவுவார்கள்.

படி 4. ஒரு குறையும் சொல்லுங்கள், குறையே இல்லாத கடிதம் நம்பப்படாது. இந்த மாணவி விஷயத்தில்: ஊரால் பொருத்தியபின் ஊர் என்ற காரணியை அதே தரவில் ஆராய முடியாது. அவருடைய முதல் வரைவில் இந்த மட்டுப்பாடு விடுபட்டிருந்தது, கேட்டபின் சேர்த்தார். ஃபெலோஷிப் பயிற்சியால் திருந்தக்கூடிய குறை இது. நேரம் தவறுவது, தரவைக் கவனமில்லாமல் கையாள்வது போன்றவை தெரிந்திருந்தால், பரிந்துரைக்க ஒப்புக்கொள்ளுமுன்பே யோசிக்க வேண்டும்.

படி 5. ஒன்றரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். பீடத்தின் கடிதத்தலைப்பு, கையொப்பம், திகதி, பல்கலைக்கழக மின்னஞ்சல் நான்கும் இருக்கட்டும். நோயாளியை அடையாளம் காட்டும் விபரம் எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் வயதும் தொழிலுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அனுப்புமுன் மாணவியின் விண்ணப்பக் கட்டுரையை ஒருமுறை வாசியுங்கள். அவர் "ஆய்வை நானே வடிவமைத்தேன்" என்றும் நீங்கள் "ஒப்பீட்டுக் குழுவை மாற்றினார்" என்றும் எழுதினால் இரண்டும் மோதும். உங்கள் கடிதத்தைக் காட்டத் தேவையில்லை, அந்த வரியைத் திருத்தச் சொன்னால் போதும்.