கடும் பயிற்சிக்குப் பின் சாப்பாடு இறங்கவில்லையா? குடித்தே தொடங்குங்கள்

25 கிலோமீட்டர் ஓடி முடித்ததும் இட்லித் தட்டைப் பார்த்தாலே குமட்டும். உடலுக்கு உணவு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பசி காணாமல் போகிறது. கடுமையாக ஓடும்போது ரத்தம் குடலைவிட்டுத் தசைக்கும் தோலுக்கும் திரும்புகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியை அடக்கும் ஹார்மோன்கள் கூடுகின்றன. உடல் சூடும் நீரிழப்பும் சேர்ந்தால் வயிறு இன்னும் மந்தமாகிவிடும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் இது தணியத் தொடங்கும், வெயில் நாளில் கூடுதலாகவும் ஆகலாம். அதுவரை மெல்ல வேண்டாத உணவைக் கொடுத்தால் போதும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் காலை 7:30-க்கு ஓட்டத்தை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேளைக்கு அவருக்கு ஏறக்குறைய 60 கிராம் மாவுச்சத்தும் 20 கிராம் புரதமும் தேவை. உங்கள் எடைக்குக் கணக்கிட, கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து, 0.3 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் உடலைக் குளிரவிடுங்கள் (7:30)

சட்டென்று உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். முகம், கழுத்து, கைகளைக் குளிர்ந்த நீரில் கழுவி மின்விசிறிக்கு அடியில் இருங்கள். உடல் சூடு இறங்காமல் எதைக் குடித்தாலும் வயிறு எதிர்க்கும்.

2. வாய் வாயாகக் குடியுங்கள் (7:40)

300 மில்லி நீரில் அரை எலுமிச்சை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு. இதை இருபது நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கவும். தாகத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. வயிறு உப்பி, அடுத்து வரவேண்டிய உணவுக்கு இடமே இருக்காது.

3. குடிக்கும் உணவு (8:00)

மிக்ஸியில் அடிக்க வேண்டியவை:

- 300 மில்லி பால்
- 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் (சுமார் மூன்று மேசைக்கரண்டி)
- ஒரு பெரிய வாழைப்பழம்
- இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை

கணக்குப் பார்த்தால் புரதம் 19 கிராம் அளவுக்கும், மாவுச்சத்து 60 கிராம் அளவுக்கும் வந்துவிடும். பாதியை முதலில் குடித்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மீதியைக் குடியுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் வாசனை குறையும், அதனால் குமட்டலும் குறையும்.

வேர்க்கடலை வெண்ணெய், பாதாம், நெய் எல்லாம் நல்லவைதான், ஆனால் இந்த வேளைக்கு வேண்டாம். கொழுப்பு வயிற்றில் உணவை நெடுநேரம் தங்கவைக்கும். பானம் கெட்டியாகிக் குடிக்கக் கனமாக இருந்தால் 100 மில்லி தண்ணீர் சேருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா பாலில் செய்யலாம், ஆனால் பால் பவுடரையும் விட்டுவிட வேண்டும். அப்போது குறையும் புரதத்தை அடுத்த வேளையில் முட்டையாலோ பருப்பாலோ ஈடுகட்டுங்கள்.

இளநீர் மட்டும் குடித்துவிட்டுச் சாப்பாட்டை மதியத்துக்குத் தள்ளுபவர்கள் பலர். இளநீர் நீரையும் பொட்டாசியத்தையும் தரும். புரதம் கிட்டத்தட்ட இல்லை, மாவுச்சத்தும் குறைவு. இப்படி விட்டால் மாலையில் அடக்க முடியாத பசி வரும், மறுநாள் கால் கனக்கும்.

4. சிறு கவளங்கள் (9:00)

இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும், அல்லது குழைந்த தயிர்சாதம் ஒரு கிண்ணம். காரம், பொரியல், வறுவல் தள்ளியே இருக்கட்டும். இரண்டு கவளத்தில் குமட்டினால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். கட்டாயப்படுத்தி விழுங்கினால் வாந்தியில்தான் முடியும். 10:30 வாக்கில் பசி திரும்பும், அப்போது வழக்கமான சாப்பாடு.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், ஈர உடையைக் களைந்து, எடை பாருங்கள். 60 கிலோ 58.8 ஆகியிருந்தால் இழந்தது 1.2 கிலோ. அதற்கு ஈடாக, மேலே குடித்தவற்றையும் சேர்த்து, ஒன்றரை முதல் 1.8 லிட்டர் வரை சில மணி நேரங்களில் பிரித்துக் குடிக்க வேண்டும்.

அன்று மாலையே மீண்டும் பயிற்சி இருந்தால் இந்த நேரங்களைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த பயிற்சி மறுநாள்தான் என்றால் ஓரிரு மணி நேரத் தாமதம் பெரிதல்ல, நாள் முழுவதும் சேரும் அளவே முக்கியம்.

சர்க்கரை நோயோ சிறுநீரகப் பிரச்சினையோ உள்ளவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். குடித்த நீரும் தங்காமல் தொடர்ந்து வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, பல மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஓடாத நாட்களிலும் பசியே இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் பயிற்சியின் அளவைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். அதை இந்தப் பானம் தீர்க்காது.