அழைப்பிதழில் உடை பற்றிய வரி: விருந்தினர் குழம்பாமல் எழுதுவது எப்படி?

"உடை: ஸ்மார்ட் கேஷுவல்" என்று அச்சடித்தால் ஒருவர் ஜீன்ஸ், டி-சர்ட்டில் வருவார்; இன்னொருவர் கோட் போட்டுக்கொண்டு வந்து கூச்சப்படுவார். இருவர் மீதும் தவறில்லை. அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருள் கிடையாது.

முதல் படி: இரண்டு எல்லைகளை முடிவு செய்யுங்கள்

எந்த உடை அந்த இடத்துக்குக் குறைவு, எது தேவைக்கு மேல் என்று முதலில் தீர்மானியுங்கள். குறைந்தபட்சத்தை எழுதப் பலருக்கும் தோன்றும். மேல் எல்லையை விட்டுவிடுவார்கள். "கோட் தேவையில்லை" என்ற இரண்டு சொற்கள் பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: வகைப் பெயரோடு உடையின் பெயரையும் எழுதுங்கள்

"பாரம்பரிய உடை" என்றால் யாருடைய பாரம்பரியம்? வெவ்வேறு பின்னணியிலிருந்து வருபவர்களுக்கு இது உண்மையான சிக்கல். "வேட்டி அல்லது குர்தா, புடவை அல்லது சல்வார், உங்கள் மரபு உடை எதுவானாலும் மகிழ்ச்சி" என்றால் வெளியாரும் தயங்க மாட்டார்கள்.

"பிளாக் டை" என்பதற்கோ திட்டமான பொருள் உண்டு: டின்னர் ஜாக்கெட் எனும் மாலை விருந்துக் கோட்டும், கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் கட்டும் கறுப்பு போ-டையும். சாதாரண சூட்டில் கறுப்பு டை கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நீங்கள் எதிர்பார்ப்பது சூட் மட்டும்தான் என்றால் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம், "சூட், டை" என்றே எழுதுங்கள்.

மூன்றாம் படி: இடத்தின் காரணத்தைச் சேருங்கள்

புல்வெளியில் நடக்கும் மாலை விருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு: "உடை: கேஷுவல்." திருத்திய பிறகு:

"உடை: எளிமையாக, நேர்த்தியாக. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, பேன்ட்; கோட் தேவையில்லை. பெண்களுக்குப் பருத்திப் புடவை, சல்வார் அல்லது கவுன்; பட்டு தேவையில்லை. விருந்து புல்வெளியில் நடப்பதால் தட்டையான காலணி வசதி."

குதிகால் உயர்ந்த செருப்பு மண்ணில் புதையும் என்பது வீட்டிலிருந்து கிளம்பும் விருந்தினருக்குத் தெரியாது. தரையில் உட்கார வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும் என்றாலும் இப்படியே முன்கூட்டிச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அது கட்டளையாகத் தோன்றாது.

நான்காம் படி: மூன்று பேரிடம் காட்டுங்கள்

ஒரு மூத்தவர், ஒரு இளைஞர், உங்கள் வட்டத்துக்கு வெளியே ஒருவர். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இதைப் படித்தால் என்ன உடுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். பதில்கள் ஒரே தரத்தில் இல்லையென்றால் வரியைத் திருத்துங்கள்.

கடைசியாக, வரி இருக்க வேண்டிய இடம்

அச்சு அழைப்பிதழில் நேரம், இடம் ஆகியவற்றுக்குக் கீழே, ஓரத்தில் போடுங்கள். ஒரே அழைப்பிதழில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தால் ஒவ்வொன்றின் நேரத்துக்கும் கீழே அதற்குரிய உடையைத் தனித்தனியாக எழுதுங்கள்; பொதுவாக அடியில் ஒன்றே போட்டால் அது எந்த நிகழ்ச்சிக்கு என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தச் சிறிய எழுத்து கண்ணில் படாது. அதே வரியைப் படத்தின் கீழே செய்தியாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.